ஓரம் வெட்டிக் காட்டும் டிவி: ஒவ்வொரு இன்புட்டாகச் சரிசெய்த கதை

பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் இருக்கும் பெரியப்பா வீட்டு டிவி 43 அங்குலம், ஃபுல் எச்டி. அதில் மூன்று பொருள்கள் மாட்டியிருக்கின்றன. முதல் எச்டிஎம்ஐ துளையில் டிகோடர், இரண்டாவதில் பேரன் பாடத்துக்கு இணைக்கும் லேப்டாப், மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரில் ஒரு பழைய டிவிடி பிளேயர். மூன்றிலும் படம் தப்பு. ஆனால் மூன்றிலும் ஒரே மாதிரித் தப்பு இல்லை. செய்தி பார்த்தால் கீழே ஓடும் வரியில் பாதி எழுத்து இல்லை, சேனல் சின்னமும் பாதிதான் தெரிகிறது. லேப்டாப்பை மாட்டினால் அடியில் இருக்கும் டாஸ்க்பார் திரைக்கு வெளியே போய்விடுகிறது. டிவிடியில் கல்யாண வீடியோ போட்டால் ஆட்கள் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள், படம் போட்டால் பக்கத்தில் நிற்பவரைக் காணோம்.

"டிவி ஓரத்தயெல்லாம் தின்னுருது தம்பி, புதுசு வாங்கிரலாமா?" என்று கேட்டார் பெரியப்பா. பென்டிரைவில் இருந்த பேத்தியின் போட்டோவை டிவியிலேயே நேராகப் போட்டுப் பார்த்தேன். நான்கு மூலையும் சுத்தமாக வந்தது. அப்படியென்றால் பேனலில் குறை இல்லை. வெளியிலிருந்து வரும் படத்தை டிவி எப்படி நீட்டுகிறது, எவ்வளவு பெரிதாக்குகிறது என்பதில்தான் கோளாறு. காசு செலவில்லாத வேலை, கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இதில் இரண்டு தனித்தனி விஷயங்களைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று ஓவர்ஸ்கேன். பழைய கண்ணாடிக் குழாய் டிவிகளில் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் படத்தின் அளவும் மாறும், ஓரங்களும் நேராக நிற்காது. அதை மறைக்கப் படத்தைத் திரையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே காட்டினார்கள். இன்றைய தட்டை டிவிக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் 1080, 720 போன்ற டிவி வடிவங்களில் சிக்னல் வந்தால் பழைய வழக்கப்படி ஓரத்தை வெட்டிக் காட்டும் டிவிகள் நிறைய உண்டு. இரண்டாவது படவிகிதம், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள பொருத்தம். 4:3 படத்தை 16:9 திரை முழுக்க இழுத்தால் முகம் அகலும். ஜூம் போட்டால் முகம் சரியாக இருக்கும், ஓரங்கள் போகும். ஓவர்ஸ்கேனில் முகம் மாறாது. நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

கண்ணால் பார்த்து இது எது என்று சொல்வது கஷ்டம். அதனால் முதலில் ஒரு சோதனைப் படம் செய்துகொண்டேன். லேப்டாப்பில் ffmpeg என்ற வீடியோ மென்பொருள் இருந்தால் ஒரே கட்டளை போதும்:

```
ffmpeg -f lavfi -i color=c=black:s=1920x1080 -frames:v 1 -vf "format=yuv444p,drawbox=0:0:1920:1080:white:1,drawbox=19:11:1882:1058:red:1,drawbox=38:22:1844:1036:yellow:1,drawbox=58:32:1804:1016:cyan:1,drawbox=660:240:600:600:white:3" test.png
```

கறுப்புத் தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு கட்டங்கள் வரும். விளிம்பிலேயே வெள்ளைக் கோடு, ஒரு சதவீதம் உள்ளே சிவப்பு, இரண்டு சதவீதம் உள்ளே மஞ்சள், மூன்று சதவீதம் உள்ளே வெளிர்நீலம். நடுவில் சரியான சதுரம் ஒன்று. எந்தக் கோடு வரை தெரிகிறது என்பதைப் பார்த்தால் எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று தெரியும். சதுரம் சதுரமாகவே இருக்கிறதா என்று அளந்தால் படவிகிதம் தெரியும். ffmpeg இல்லாதவர்கள் பெயின்ட்டில் 1920க்கு 1080 அளவில் இதையே வரைந்துகொள்ளலாம்.

இந்தப் படத்தைப் பென்டிரைவில் போட்டு டிவியில் நேராகத் திறந்து பார்த்துப் பயனில்லை. டிவிக்குள் இருக்கும் பிளேயருக்கு ஓவர்ஸ்கேன் பெரும்பாலும் கிடையாது. எந்த இன்புட்டைச் சோதிக்கிறோமோ அந்த வழியாகத்தான் படம் வர வேண்டும்.

லேப்டாப்பிலிருந்து ஆரம்பித்தேன், அதுதான் சுலபம். வெளியீட்டை 1920க்கு 1080 என்று வைத்து, சோதனைப் படத்தை F11 அழுத்தி முழுத்திரையில் காட்டினேன். வெள்ளை இல்லை, சிவப்பு இல்லை, மஞ்சளும் இல்லை. வெளிர்நீலம் மட்டும் திரை விளிம்பை ஒட்டி நின்றது. அப்படியென்றால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எங்கோ வெட்டு விழுகிறது. தையல் டேப்பைப் பெரியம்மாவிடம் வாங்கி நடுச் சதுரத்தை அளந்தேன். அகலமும் உயரமும் ஒன்றுதான், இரண்டும் 31.3 சென்டிமீட்டர். 43 அங்குல 16:9 திரையின் அகலம் சுமார் 95.2 சென்டிமீட்டர். அதில் 1920 புள்ளிக்கு 600 என்ற கணக்கில் சதுரம் ஏறக்குறைய 29.8 வர வேண்டும். 29.8ஐ 31.3ஆல் வகுத்தால் 0.95. மொத்தத்தில் ஐந்து சதவீதம், பக்கத்துக்கு இரண்டரை. சதுரம் நீளவில்லை, ஆகவே படவிகிதம் சரி, ஓவர்ஸ்கேன் மட்டும்தான் பிரச்சினை.

டாஸ்க்பார் காணாமல் போனதற்கும் கணக்கு இதுதான். 1080 வரியில் இரண்டரை சதவீதம் 27 வரி. நூறு சதவீத அளவில் விண்டோஸ் 10 டாஸ்க்பாரின் உயரம் 40 வரி. மீதி 13 வரியில் ஐகான்களின் தலை மட்டும்தான் எட்டிப் பார்க்கும். ஓரம் போவதைவிட எனக்கு எரிச்சல் தருவது வேறு ஒன்று. ஓவர்ஸ்கேன் இருக்கும்போது உள்ளே இருக்கும் 1824க்கு 1026 புள்ளிகளை டிவி 1920க்கு 1080ஆக இழுக்கிறது. ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்று பொருந்தாமல் எழுத்தெல்லாம் மசமசவென்று ஆகிவிடும். பேரன் "டிவில படிச்சா கண்ணு வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

இதை நிறுத்தும் பொத்தானுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. அதனால்தான் மெனுவில் தேடித் தேடிக் களைத்துப்போகிறார்கள். எல்ஜியில் படவிகிதப் பட்டியலுக்குள் `Just Scan`. சாம்சங்கில் மாடலைப் பொறுத்து `Screen Fit` அல்லது `Fit to Screen`. சோனியில் `Display Area` என்பதற்குள் `Full Pixel`. பேனசோனிக்கில் `16:9 Overscan` என்று நேராகவே இருக்கும், அதை அணைக்க வேண்டும். ஷார்ப்பில் `Dot by Dot`, பிலிப்ஸில் `Unscaled`. பெயர் எதுவானாலும் படம் அல்லது திரை அளவு என்ற மெனுவின் அடியில்தான் பெரும்பாலும் கிடக்கும்.

மெனுவைத் திறந்தால் அந்த வரி மங்கலாக, அமுக்க முடியாமல் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். டிவியின் முகப்புத் திரையில் நின்றுகொண்டு தேடினால் அப்படித்தான் இருக்கும். சம்பந்தப்பட்ட கருவி ஆன் ஆகி, அதன் படம் திரையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பல டிவிகளில் 720 அல்லது அதற்கு மேற்பட்ட சிக்னல் வந்தால்தான் இந்த வசதி திறக்கும். லேப்டாப்பின் படம் திரையில் இருக்கும்போதே மெனுவுக்குப் போய் மாற்றினேன்.

மாற்றியதும் சில வீடுகளில் வேறு ஒரு கூத்து நடக்கும். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் வந்துவிடும். வெள்ளைக் கோடு தெரியும், ஆனால் திரை விளிம்பைத் தொடாமல் உள்ளே நிற்கும். யாராவது முன்பு லேப்டாப்பிலேயே படத்தைச் சுருக்கி டாஸ்க்பாரை வெளியே கொண்டுவரப் பார்த்திருந்தால் இப்படி ஆகும். சுருக்கிய படத்தைத் திரும்பப் பெரிதாக்கினால் இரண்டு முறை கலங்கும். ஏஎம்டி கிராஃபிக்ஸ் என்றால் ஏட்ரினலின் மென்பொருளின் திரைப் பகுதியில் `HDMI Scaling` என்ற நகர்த்தி இருக்கும். அதைப் பூஜ்ஜியத்துக்கு இழுக்க வேண்டும். என்விடியாவில் `Adjust desktop size and position` என்ற பக்கத்தில் இதே வேலை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, கிராஃபிக்ஸ் டிரைவர் அந்த வசதியைத் தந்தால், இந்த வரி போதும்:

```
xrandr --output HDMI-1 --set underscan off
```

`HDMI-1` என்ற இடத்தில் உங்கள் கணினி வைத்திருக்கும் பெயரைப் போட வேண்டும். வெறும் `xrandr` என்று தட்டினால் அந்தப் பெயர் வரும். டிவியில் தீர்க்கக்கூடியதை லேப்டாப்பில் தீர்க்காதீர்கள் என்பது என் கருத்து. டிவியில் அந்த வசதி சுத்தமாக இல்லாவிட்டால் மட்டும்தான் கணினிப் பக்கம் சுருக்குவது, அதுவும் எழுத்து மங்கும் என்று தெரிந்துகொண்டே.

பெரியப்பா வீட்டில் இப்போது வெள்ளைக் கோடு நான்கு பக்கமும் விளிம்பில். டேப்பில் சதுரம் 29.8. எழுத்து கூர்மை. சில டிவிகளில் அந்த இன்புட்டின் பெயரை `PC` என்று மாற்றினாலே ஓவர்ஸ்கேன் நின்றுவிடும், வண்ண எழுத்துகளின் ஓரமும் தெளிவாகும். இங்கே அந்த வசதியும் இருந்ததால் அதையும் செய்துவிட்டேன். ஒரு சின்ன எச்சரிக்கை: 32 அங்குல டிவிகள் பலவற்றில் பேனல் 1366க்கு 768தான். அதில் 1080 சிக்னலை எப்படி வைத்தாலும் சுருக்கித்தான் காட்டும். ஓரம் முழுதாக வரும், ஆனால் மேலே சொன்ன கூர்மையை எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது டிகோடர். லேப்டாப் இன்புட்டில் செய்த மாற்றம் இங்கே எட்டவே இல்லை. செய்தி வரி அப்படியே வெட்டுப்பட்டுத்தான் ஓடியது. டிவி ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் இங்கே ஓவர்ஸ்கேனை முதலில் தொடவில்லை, ஏனென்றால் இது ஓவர்ஸ்கேன் மட்டும் இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஓரம் வெட்டுப்படும் என்று தெரிந்தே ஒலிபரப்புக்காரர்கள் எழுத்தையும் சின்னத்தையும் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் வைப்பார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்95 பரிந்துரையில் எழுத்துக்கு விடவேண்டிய ஓரம் ஒவ்வொரு பக்கமும் ஐந்து சதவீதம். பொதுவாக நிலையங்கள் இப்படி ஓரம் விட்டுத்தான் வைக்கின்றன. ஆகவே இரண்டரை சதவீத ஓவர்ஸ்கேன் சேனல் சின்னத்தைத் தொட வாய்ப்பில்லை. சின்னம் பாதியாகிறது என்றால் ஐந்துக்கும் மேல் வெட்டு விழுகிறது, யாரோ ஜூம் போட்டிருக்கிறார்கள்.

பெரியம்மாவிடம் கேட்டேன். "பழைய படம் போட்டா மேலயும் கீழயும் கறுப்பா வருது தம்பி, அதுக்குத்தான் இந்த பட்டன அமுக்குவேன்." ரிமோட்டில் படவிகிதப் பொத்தானைக் காட்டினார். சினிமாஸ்கோப் படம் 2.35க்கு 1. அதை 1920 அகலத்தில் முழுதாகக் காட்டினால் உயரம் 817 வரிதான் வரும். மீதி 263 வரி மேலும் கீழும் பாதிப் பாதியாகக் கறுப்பாக இருக்கும். அது குறை இல்லை, படமே அப்படித்தான். அந்தக் கறுப்பு மறையும்வரை பெரிதாக்கினால் அகலத்தில் முக்கால் பாகம்தான் மிஞ்சும். வலதும் இடதும் சேர்த்துக் கால்வாசிப் படம் போய்விடும். கூட்டக் காட்சியில் பேசுகிறவர் யார் என்றே தெரியாது. அப்புறம் படம் முடிந்து செய்தி வைத்தாலும் ஜூம் அப்படியே நிற்கும். சின்னம் பாதியாவது இப்படித்தான்.

டிகோடர் இன்புட்டை 16:9 ஆக்கி, அதற்கப்புறம் ஓவர்ஸ்கேனையும் நிறுத்தினேன். டிவி2இல் செய்தி வரி முழுதாக வந்தது. "சரியாயிடுச்சி" என்று பெரியப்பா ரிமோட்டை வாங்கி ஒவ்வொரு சேனலாகத் தாவினார். சில சேனல்களில் திரும்பவும் பழைய கதை. அந்தச் சேனல்களுக்குப் போகும்போதெல்லாம் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகி, பிறகுதான் படம் வந்தது. அதுதான் துப்பு. சாதாரணச் சேனல் மாற்றத்தில் டிவி இருண்டு மீளாது. சிக்னலின் வடிவம் மாறும்போதுதான் இப்படி ஆகும். டிவியின் தகவல் பொத்தானை அழுத்தினேன். நல்ல சேனலில் `1080i` என்றது, மக்கர் பண்ணும் சேனலில் `576i`.

டிகோடரில் வெளியீட்டை `Auto` என்று வைத்திருந்தார்கள். எச்டி சேனலை எச்டியாகவும் சாதாரணச் சேனலை அதன் சொந்த அளவிலும் அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த டிவி இன்புட்டுக்கு ஒரு கணக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. அதே இன்புட்டில் வரும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. 1080iக்கு நான் திருத்தியது 576iக்குச் சேராது. 576iயில் பழைய ஜூம் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்று, அந்த வடிவத்திலும் தனியாகத் திருத்தலாம். அதைவிட டிகோடர் எப்போதும் ஒரே வடிவத்தில் அனுப்பும்படி வைப்பது சுலபம். டிகோடர் மெனுவில் வெளியீட்டை 1080i என்று நிலையாக வைத்தேன். இருட்டுக் கணமும் போயிற்று, தாவும் வேகமும் கூடியது. சாதாரணச் சேனலைப் பெரிதாக்கும் வேலை இப்போது டிகோடருடையது. சில டிகோடர்கள் அதை டிவியைவிட மோசமாகச் செய்யும், அப்படியானால் இரண்டாவது வழி வேண்டாம். இங்கே வித்தியாசம் தெரியவில்லை.

டிகோடர் மெனுவிலேயே இன்னொன்றும் பார்க்க வேண்டும். டிவி வகை 16:9 என்று இருக்கிறதா, 4:3 நிகழ்ச்சியை எப்படிக் காட்டுவது என்று இருக்கும் இடத்தில் ஜூம் அல்லது நீட்டல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிகோடர் ஒரு முறை பெரிதாக்கி, டிவி இன்னொரு முறை பெரிதாக்கினால் டிவி மெனுவில் எதை மாற்றினாலும் சரியாகாது. எந்தப் பக்கம் குற்றவாளி என்று சந்தேகமென்றால், டிகோடரின் வயரைக் கழற்றி அதே துளையில் லேப்டாப்பை மாட்டிச் சோதனைப் படத்தைக் காட்டுங்கள். கோடுகள் முழுதாக வந்தால் டிவி நிரபராதி. ஆனால் அந்தத் துளையிலும் இரண்டு கருவியும் அனுப்பும் வடிவம் ஒன்றாக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும்.

கடைசியில் டிவிடி. இதில் கோளாறு இரண்டு இடத்தில். பிளேயரின் அமைப்பு மெனுவில் டிவி வடிவம் `4:3 PS` என்று இருந்தது. குழாய் டிவி காலத்தில் வைத்தது. டிவி மாறியும் யாரும் தொடவில்லை. அதன் பொருள்: அகலப் படம் வந்தால் இரு பக்கத்தையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் 4:3ஆக அனுப்பு. டிவியோ அந்த 4:3ஐ 16:9 ஆக இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஆகவே அகலப் படத்தில் பக்கத்து ஆளும் போயிற்று, மிஞ்சியவரும் குண்டாகிவிட்டார். பிளேயரில் வெட்டியதை டிவியில் எந்தப் பொத்தானாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பிளேயரில் `16:9` என்று மாற்றியதும் அகலப் படங்கள் நேராகிவிட்டன. அதே இடத்தில் `4:3 LB` என்று இருந்தால் ஓரம் வெட்டாது, ஆனால் டிவியை 4:3இல் வைத்தால் படம் நடுவில் சின்னதாகி நான்கு பக்கமும் கறுப்பு சூழ்ந்துகொள்ளும். அதுவும் வேண்டாம்.

ஓவர்ஸ்கேனை மட்டும் இந்த இன்புட்டில் அப்படியே விட்டேன். பெரியம்மா வீட்டுக் கல்யாண வீடியோ கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றியது. கேசட் படத்தின் அடியில் கலங்கலாகக் கிழிந்தாடும் சில வரிகள் எப்போதும் இருக்கும். வீடியோ தலைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் அது. குழாய் டிவி அதை வெட்டி மறைத்ததால் யாரும் பார்த்ததில்லை. இந்த மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர், அதாவது ஏவி வழியாக வரும் படத்தின் உச்சியில் சில நேரம் வெள்ளைத் துண்டுகள் மினுக்கும், அதுவும் படத்தில் சேராத தகவல் வரிதான். ஓரத்தைத் திறந்துவிட்டால் இதெல்லாம் கண்ணில் பட்டு, டிவி கெட்டுவிட்டது என்று திரும்பவும் போன் வரும். பழைய சிக்னலுக்கு இரண்டரை சதவீத வெட்டு நல்லதுதான்.

இனி கல்யாண வீடியோ மட்டும் பாக்கி. அது 4:3. ஏவி இன்புட்டை 4:3க்கு மாற்றியதும் முகங்கள் சரியாயின, இருபக்கமும் கறுப்பு வந்தது. பெரியப்பாவுக்குத் திருப்தி. பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "எவ்ளோ பெரிய டிவி, நடுவுல பெட்டி மாதிரி காட்டுது. குண்டா இருந்தா பரவால்ல தம்பி, ரொம்பிப் பாக்கணும்." இவரிடம் விகிதம் பேசி வெல்ல முடியாது. ஏவியைத் திரும்ப 16:9 ஆக்கிவிட்டேன். அகலப் படங்களுக்கு அதுதான் சரி, கல்யாண வீடியோவும் அவர் கேட்டபடி நிரம்பும், டிகோடரையும் லேப்டாப்பையும் அது தொடாது. ரிமோட்டில் படவிகிதப் பொத்தான் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, டிகோடரை ஒரு முறை சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். 1080i அப்படியே நின்றது.